கை-வர்க்கச் சோதனையின் விடையைச் சரிபார்ப்பது எப்படி: எதிர்பார்க்கப்படும் எண்ணிக்கை, கட்டின்மை அளவு, முடிவின் வாசகம்

கை-வர்க்கச் சோதனை செய்த விடைத்தாள் ஒன்று கையில் வந்தால், நம் கண் இயல்பாகக் கடைசி வரிக்கே போகிறது. இன்மைக் கருதுகோள் நிராகரிக்கப்பட்டதா, இல்லையா என்று பார்க்கிறோம். நம்மிடமுள்ள தீர்ப்போடு அது ஒத்துப்போனால், இடையிலுள்ள கணக்கும் சரியாகவே இருக்கும் என்று எண்ணிவிடுகிறோம். இந்தச் சோதனையில் அந்த எண்ணம் ஆபத்தானது. எதிர்பார்க்கப்படும் எண்ணிக்கையையும் கட்டின்மை அளவையும் ஒருசேரத் தவறாகக் கொண்டு, கூட்டல் கழித்தலில் ஒரு பிழையும் இல்லாமல், சரியான தீர்ப்பிலேயே போய் நிற்க முடியும். அப்படிப்பட்ட ஒரு விடையை எடுத்துக்கொண்டு, அதை எந்த வரிசையில் சரிபார்க்க வேண்டும் என்பதைப் படிப்படியாகக் காட்டுவதே இந்த வழிகாட்டியின் நோக்கம்.

சரிபார்க்க வேண்டிய விடை

பயிற்சிக்காக அமைத்த ஒரு கணக்கு இது. மருத்துவ முன்பதிவு செய்திருந்த 250 பேருக்கு நினைவூட்டல் அனுப்பப்பட்டது. ஒவ்வொருவருக்கும் குறுஞ்செய்தி, தொலைபேசி அழைப்பு, கடிதம் ஆகிய மூன்றில் ஏதேனும் ஒன்று மட்டுமே சென்றது. பிறகு அவர்கள் குறித்த நாளில் வந்தார்களா என்பது பதிவு செய்யப்பட்டது.

| நினைவூட்டல் | வந்தவர் | வராதவர் | மொத்தம் |
|---|---|---|---|
| குறுஞ்செய்தி | 66 | 34 | 100 |
| அழைப்பு | 52 | 28 | 80 |
| கடிதம் | 32 | 38 | 70 |
| மொத்தம் | 150 | 100 | 250 |

நினைவூட்டல் வகைக்கும் வருகைக்கும் தொடர்பு உண்டா என்று 5% மிகைகாண் நிலையில் சோதிக்க வேண்டும். நம் முன் இருக்கும் விடை இவ்வாறு சொல்கிறது: கட்டங்கள் ஆறு என்பதால் ஒவ்வொன்றிலும் எதிர்பார்க்கப்படும் எண்ணிக்கை 250/6 = 41.67. χ² = 25.23. கட்டின்மை அளவு 6 − 1 = 5. அட்டவணை மதிப்பு 11.070. ஆகவே இன்மைக் கருதுகோள் நிராகரிக்கப்படுகிறது; குறுஞ்செய்தியே சிறந்த முறை; குறுஞ்செய்தி அனுப்பினால் வருகை கூடும்.

41.67-ஐ ஏற்றுக்கொண்டால் 25.23 என்பது சரியான கூட்டுத்தொகைதான். 5-க்குரிய அட்டவணை மதிப்பும் 11.070-தான். நிராகரிப்பு என்ற தீர்ப்பும், பின்னால் காணப்போவதுபோல, சரியே. எனினும் இந்த விடையின் மூன்று முக்கிய இடங்களிலும் தவறு இருக்கிறது.

முதற்படி: எண்ணிக்கை எந்தக் கருதுகோளிலிருந்து வந்தது?

எதிர்பார்க்கப்படும் எண்ணிக்கை என்பது இன்மைக் கருதுகோளை எண்களில் எழுதிய வடிவம். ஆகவே சூத்திரத்தைப் பார்ப்பதற்கு முன், இந்த எண்கள் எந்த வாக்கியத்தின் மொழிபெயர்ப்பு என்று கேட்க வேண்டும். நம் கணக்கில் இன்மைக் கருதுகோள், நினைவூட்டல் எந்த வகையாக இருந்தாலும் வருவோரின் விகிதம் ஒன்றே என்பது. அந்த ஒரே விகிதத்துக்கு நம்மிடமுள்ள மதிப்பீடு 150/250, அதாவது 60%. எனவே குறுஞ்செய்தி பெற்ற 100 பேரில் 60 பேரும், அழைப்பு பெற்ற 80 பேரில் 48 பேரும், கடிதம் பெற்ற 70 பேரில் 42 பேரும் வந்திருப்பார்கள் என்று எதிர்பார்க்கலாம். வராதவர்களுக்கு அதே வரிசையில் 40, 32, 28. நிரை மொத்தத்தையும் நிரல் மொத்தத்தையும் பெருக்கி முழு மொத்தத்தால் வகுக்கும் வாய்பாடு, இந்த 60% என்ற எண்ணத்தையே வேறு வடிவில் சொல்கிறது.

41.67 எந்த வாக்கியத்தைச் சொல்கிறது? ஆறு கட்டங்களிலும் ஆட்கள் சமமாக இருப்பார்கள் என்கிறது. அது உண்மையாக வேண்டுமானால் மூன்று வகை நினைவூட்டலும் சம எண்ணிக்கையில் அனுப்பப்பட்டிருக்க வேண்டும்; வந்தவரும் வராதவரும் சரிபாதியாக இருக்க வேண்டும். இரண்டையும் யாரும் கேட்கவில்லை. 100 பேருக்குக் குறுஞ்செய்தியும் 70 பேருக்குக் கடிதமும் போனது அனுப்பியவரின் ஏற்பாடு. அந்த வேறுபாட்டையும் χ²-இல் சேர்த்துக் கணக்கிட்டதால்தான் மதிப்பு 25 வரை ஏறியிருக்கிறது.

இதே இடத்தில் இன்னொரு தவறும் அடிக்கடி வரும். ஒவ்வொரு நிரை மொத்தத்தையும் இரண்டால் வகுத்து 50, 50, 40, 40, 35, 35 என்று எழுதுவார்கள். பார்வைக்கு இது நியாயமாகவே தோன்றும், நிரை மொத்தங்களும் கெடவில்லை. ஆனால் இது சொல்லும் வாக்கியம், ஒவ்வொரு வகையிலும் பாதிப் பேர் வருவார்கள் என்பது. நம் தரவில் ஒட்டுமொத்தமாகவே 60% வந்திருப்பதால், தொடர்பே இல்லாவிட்டாலும் இந்தக் கணக்கு பெரிய χ² மதிப்பைத் தந்துவிடக்கூடும்.

இரண்டாம் படி: வித்தியாச அட்டவணையை எழுதுங்கள்

இந்தத் தவறுகளைப் பிடிக்க, நான் பெரும்பாலும் χ²-ஐத் திரும்பக் கணக்கிடுவதில்லை. கண்டறிந்த எண்ணிக்கையிலிருந்து எதிர்பார்க்கப்படும் எண்ணிக்கையைக் கழித்து, அந்த வித்தியாசங்களை மட்டும் ஓர் அட்டவணையாக எழுதிப் பார்க்கிறேன். சரியான எண்ணிக்கைகளோடு அது இப்படி அமையும்:

| நினைவூட்டல் | வந்தவர் | வராதவர் |
|---|---|---|
| குறுஞ்செய்தி | +6 | −6 |
| அழைப்பு | +4 | −4 |
| கடிதம் | −10 | +10 |

ஒவ்வொரு நிரையும் கூட்டினால் பூச்சியம். ஒவ்வொரு நிரலும் கூட்டினால் பூச்சியம். தொடர்பின்மையைச் சோதிக்கும் எந்த அட்டவணையிலும் இந்த இரண்டும் தவறாமல் அமைய வேண்டும். பாதியாகப் பிரித்தவரின் வித்தியாசங்கள் நிரைகளில் +16, −16, +12, −12, −3, +3 என்று வரும். நிரைகள் பூச்சியமாகின்றன, ஆனால் முதல் நிரலின் கூட்டல் 25. 41.67 எழுதியவரின் வித்தியாசங்களோ நிரையிலும் பூச்சியமாகா, நிரலிலும் பூச்சியமாகா. ஆறையும் சேர்த்துக் கூட்டினால் மட்டுமே பூச்சியமாகும். ஆகவே நிரையை மட்டும் கூட்டிப் பார்த்து நிறைவடையக் கூடாது.

ஒரு சிறு எச்சரிக்கை. எதிர்பார்க்கப்படும் எண்ணிக்கை பின்னமாக வரும்போது, ஆளைப் பின்னமாக எண்ண முடியாது என்று சொல்லி அதை முழு எண்ணாக்கிவிடுபவர்கள் இருக்கிறார்கள். அது ஒரு சராசரி எதிர்பார்ப்பு, தலைக்கணக்கு அன்று. பின்னமாகவே விட வேண்டும். முழு எண்ணாக்கினாலும் இந்தக் கூட்டல்கள் பூச்சியத்திலிருந்து விலகக்கூடும். ஆனால் விலகல் சிறியதாக இருக்கும் என்பதால் அதைத் தசமத் திருத்தத்தால் வரும் 0.01, 0.02 போன்ற எச்சத்தோடு குழப்பிக்கொள்ளக் கூடாது.

மூன்றாம் படி: கட்டின்மை அளவை அதே அட்டவணையில் எண்ணுங்கள்

மென்பொருள்கள் df என்று காட்டும் கட்டின்மை அளவை, பலரும் ஒரு தனிச் சூத்திரமாக மனப்பாடம் செய்கிறார்கள். அதனால்தான், ஒரே வரிசை எண்ணிக்கைகள் ஒரு பரவலோடு பொருந்துகின்றனவா என்று பார்க்கும் பொருத்தச் சோதனைக்குரிய k − 1, அதாவது வகுப்புகளின் எண்ணிக்கையில் ஒன்று குறைவு, தொடர்பின்மைச் சோதனையில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. மேலேயுள்ள வித்தியாச அட்டவணையைப் பாருங்கள். முதல் நிரலில் +6, +4 என்ற இரண்டு எண்களை மட்டும் நான் சொன்னால், மீதி நான்கையும் நீங்களே நிரப்பிவிடலாம்; நிரல் பூச்சியமாக வேண்டும் என்பதால் −10 வருகிறது, நிரைகள் பூச்சியமாக வேண்டும் என்பதால் வலப்பக்கம் முழுவதும் வருகிறது. கட்டுப்படாமல் நிற்கும் எண்கள் இரண்டே. அதுவே கட்டின்மை அளவு: (3 − 1)(2 − 1) = 2.

இப்படி எண்ணினால் இன்னொன்றும் விளங்கும். 41.67 எழுதியவரின் வித்தியாசங்களில் ஒரே ஒரு கட்டு, அதாவது மொத்தம் பூச்சியமாக வேண்டும் என்பதே உண்டு. ஆகவே ஐந்து எண்கள் கட்டின்றி நிற்கின்றன. அவர் 5 என்று எழுதியது அவருடைய எதிர்பார்ப்புக்குப் பொருத்தமான கட்டின்மை அளவுதான். அவருடைய விடை தன்னளவில் முரண்பாடற்றது, கேட்கப்படாத வேறொரு கேள்விக்கான சரியான விடை. பாதியாகப் பிரித்தவருக்கு மூன்று கட்டுகள், எனவே கட்டின்மை அளவு 3. எதிர்பார்க்கப்படும் எண்ணிக்கையையும் கட்டின்மை அளவையும் தனித்தனியே சரிபார்க்க முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் எனக்குத் தெரியவில்லை.

உண்மையில் அதிகம் சேதம் விளைவது, ஒன்று சரியாகவும் மற்றொன்று தவறாகவும் இருக்கும் விடையில்தான். ஒவ்வொரு வித்தியாசத்தின் வர்க்கத்தையும் அந்தக் கட்டத்தின் எதிர்பார்க்கப்படும் எண்ணிக்கையால் வகுத்துக் கூட்டுவதே χ². சரியான எண்ணிக்கைகளைக் கொண்டு கணக்கிட்டால் அது பின்வருமாறு வரும்:

```
36/60 + 36/40 + 16/48 + 16/32 + 100/42 + 100/28
= 0.600 + 0.900 + 0.333 + 0.500 + 2.381 + 3.571
= 8.286
```

கட்டின்மை அளவு 2-க்கு 5% நிலையில் அட்டவணை மதிப்பு 5.991, 8.286 அதைத் தாண்டுவதால் கருதுகோள் நிராகரிக்கப்படுகிறது. இதே 8.286-ஐ வைத்துக்கொண்டு 5 என்று எழுதியவர் 11.070-உடன் ஒப்பிட்டு, தொடர்பு இருப்பதாகச் சொல்லச் சான்றில்லை என்று முடித்திருப்பார். மூன்றையும் இரண்டையும் பெருக்கி 6 என்று எழுதியவர் 12.592-உடன் ஒப்பிட்டு அதே இடத்துக்கு வந்திருப்பார். கட்டின்மை அளவு ஒன்றே இங்கே தீர்ப்பைத் தலைகீழாக்குகிறது.

இந்தத் தவறைச் செய்த மாணவரைக் கடிந்துகொள்ளும் முன் ஒன்றை நினைவில் கொள்ளலாம். 1900-இல் இச்சோதனையை அறிமுகப்படுத்திய கார்ல் பியர்சனே, இருவழி அட்டவணைகளுக்குக் கட்டங்களின் எண்ணிக்கையில் ஒன்று குறைத்தால் போதும் என்று கருதினார். அதன்படி 2×2 அட்டவணைக்கு 3 வரும். நிரை, நிரல் மொத்தங்களைத் தரவிலிருந்தே எடுப்பதால் அவையும் கட்டுகளாகின்றன, ஆகவே 2×2 அட்டவணைக்கு 1 மட்டுமே என்று 1922-இல் திருத்தியவர் ரொனால்ட் ஃபிஷர். பியர்சன் அதை எளிதில் ஏற்கவில்லை.

ஃபிஷரின் அந்த விளக்கம் பொருத்தச் சோதனைக்கும் பயன்படும். பகடை சீரானதா என்று சோதிக்கும்போது நிகழ்தகவுகள் முன்கூட்டியே தெரியும். ஆறு முகங்களுக்குக் கட்டின்மை அளவு 5. ஆனால் தரவு பாய்சான் பரவலைப் பின்பற்றுகிறதா என்று பார்க்கும்போது, சராசரியை அதே தரவிலிருந்து மதிப்பிட்டால் இன்னொரு கட்டு கூடுகிறது, எனவே k − 2. இங்கே k என்பது சிறு வகுப்புகளைச் சேர்த்த பிறகு எஞ்சும் வகுப்புகளின் எண்ணிக்கை. சேர்ப்பதற்கு முந்தைய எண்ணிக்கையைப் பயன்படுத்துவது அடிக்கடி காணும் தவறு.

df சரியாக இருந்தும் தவறிப்போகும் விடை

மேற்சொன்ன சோதனைகளில் எளிதாக நழுவிவிடும் ஒரு வடிவம் உண்டு. விடை எழுதியவர் வந்தவர்களின் 66, 52, 32 என்ற மூன்று எண்களை மட்டும் எடுத்துக்கொண்டு, 150-ஐ மூன்றால் வகுத்து ஒவ்வொன்றுக்கும் 50 என்று எதிர்பார்க்கிறார். χ² = (256 + 4 + 324)/50 = 11.68, கட்டின்மை அளவு 3 − 1 = 2, தீர்ப்பு நிராகரிப்பு. கட்டின்மை அளவும் தீர்ப்பும் சரியான விடையோடு அப்படியே ஒத்துப்போகின்றன. ஆனால் இதில் வராதவர்களுக்கு இடமே இல்லை. குறுஞ்செய்தி அதிகம் பேருக்குப் போனதால் அதன் வழியே அதிகம் பேர் வந்தார்கள் என்ற சாதாரணச் செய்தியும் இதில் சான்றாக எண்ணப்பட்டுவிடுகிறது. இதைப் பிடிக்க எதிர்பார்க்கப்படும் எண்ணிக்கைகளின் கூட்டுத்தொகையைப் பார்த்தால் போதும். அது 250 ஆக இருக்க வேண்டிய இடத்தில் 150 ஆக இருக்கும்.

சதவீதங்களை எண்ணிக்கைபோல் பயன்படுத்தியிருந்தாலும் இதே கூட்டுத்தொகை காட்டிக்கொடுக்கும். ஒவ்வொரு கட்டத்தையும் முழு மொத்தத்தின் சதவீதமாக எழுதிச் சோதித்தால் கூட்டுத்தொகை 100 ஆகும்; χ² = 8.286 × 100/250 = 3.31 என்று சுருங்கி, 5.991-ஐத் தொடாமல் நின்றுவிடும்.

நான்காம் படி: மென்பொருளில் ஒப்பிடுதல்

R மொழியில் இந்தக் கணக்கு மூன்று வரிகளில் முடியும்.

```
x <- matrix(c(66, 34, 52, 28, 32, 38), nrow = 3, byrow = TRUE)
chisq.test(x)
chisq.test(x)$expected
```

இரண்டாம் வரி `X-squared = 8.2857, df = 2, p-value = 0.01588` என்று காட்டும். மூன்றாம் வரியையே நான் முதலில் படிப்பேன். அங்கே 60, 40, 48, 32, 42, 28 வரவில்லையென்றால் தரவு தவறாக உள்ளிடப்பட்டிருக்கிறது. `byrow = TRUE` விடுபட்டால் அதே ஆறு எண்கள் நிரல்வாரியாக நிரம்பி, மொத்தம் 250 ஆகவே இருந்தாலும் அட்டவணை வேறாகிவிடும். `chisq.test(c(66, 52, 32))` என்று எழுதினால், மேலே சொன்ன 11.68 எந்த எச்சரிக்கையும் இல்லாமல் வரும்.

எக்செலின் `CHISQ.TEST` இன்னும் கவனமாகக் கையாள வேண்டியது. எதிர்பார்க்கப்படும் எண்ணிக்கைகளை நாமே கொடுக்க வேண்டும். கட்டின்மை அளவை அது வரம்பின் நிரை, நிரல்களிலிருந்து தானே எடுத்துக்கொள்ளும். P-மதிப்பை மட்டும் திருப்பித் தரும். ஆறு கட்டங்களிலும் 41.67 கொடுத்தால் ஏறத்தாழ 0.0000033 என்று பதில் வரும். அது எந்தக் கேள்விக்கும் உரிய விடை அன்று.

கட்டின்மை அளவு 2 ஆக இருக்கும்போது மட்டும், அட்டவணையோ மென்பொருளோ இல்லாமலே p-மதிப்பைத் துல்லியமாகச் சரிபார்க்க ஒரு வழி உண்டு: p = e^(−χ²/2). இங்கே e^(−4.143) = 0.0159.

இந்த இடத்திலேயே சோதனையின் செல்லுபடியையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம். எண்ணிக்கை 5-க்குக் குறையக் கூடாது என்ற விதி எதிர்பார்க்கப்படும் எண்ணிக்கைக்கு உரியது. கண்டறிந்த எண்ணிக்கை 2 ஆக இருக்கிறது என்பதற்காக ஒரு கட்டத்தை நிராகரிக்கத் தேவையில்லை. வில்லியம் காக்ரன் 1954-இல் தந்த தளர்வான வடிவம், 5-க்குக் குறைந்தவை கட்டங்களில் 20%-க்கு மேல் இருக்கக் கூடாது, எதுவும் 1-க்குக் குறையக் கூடாது என்பது. நம் அட்டவணையில் மிகச் சிறியது 28.

ஐந்தாம் படி: முடிவின் வாசகத்தைச் சொல் சொல்லாகப் படியுங்கள்

எண்கள் அனைத்தும் சரியாக இருந்தும் கடைசி இரண்டு வரிகளில் விடை கெட்டுப்போவதுண்டு. இங்கே சரிபார்ப்பவர் கேட்க வேண்டியது ஒன்றே: இந்த வாக்கியத்தில் உள்ள எந்தச் சொல்லுக்கு, சோதனை சான்று தரவில்லை?

குறுஞ்செய்தியே சிறந்த முறை என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். சோதனை நிராகரித்தது மூன்று விகிதங்களும் ஒன்றே என்ற கூற்றை மட்டும். எது மற்றவற்றிலிருந்து வேறுபடுகிறது என்பதை அது சொல்லவில்லை. வருகை விகிதங்கள் குறுஞ்செய்திக்கு 66%, அழைப்புக்கு 65%, கடிதத்துக்கு 45.7%. χ²-இன் 8.286-இல் 5.952, அதாவது ஏறத்தாழ 72%, கடிதத்தின் இரண்டு கட்டங்களிலிருந்தே வந்திருக்கிறது. குறுஞ்செய்தியையும் அழைப்பையும் மட்டும் தனியே 2×2 அட்டவணையாக எடுத்துச் சோதித்தால் χ² வெறும் 0.02, கட்டின்மை அளவு 1-க்குரிய 3.841-க்கு அது எங்கோ கீழே இருக்கிறது. ஆகவே இத்தரவு குறுஞ்செய்தியை உயர்த்தவில்லை; கடிதம் பின்தங்கியதைத்தான் காட்டுகிறது.

குறுஞ்செய்தி அனுப்பினால் வருகை கூடும் என்ற வாக்கியத்தின் குறை வேறு வகையானது. யாருக்கு எந்த நினைவூட்டல் என்பது குலுக்கல்முறையில் முடிவு செய்யப்பட்டதா என்று கணக்கில் சொல்லப்படவில்லை. கைப்பேசி எண் தராதவர்களுக்கு மட்டும் கடிதம் போயிருந்தால், அவர்கள் வயது முதிர்ந்தவர்களாகவோ தொலைவில் வசிப்பவர்களாகவோ இருந்து, அந்தக் காரணத்தாலேயே வராமல் இருந்திருக்கலாம். χ² மதிப்புக்கு இந்த இரண்டு சூழல்களையும் பிரித்தறியத் தெரியாது. ஒரே நபரின் இரண்டு முன்பதிவுகள் இரண்டு பேராக எண்ணப்பட்டிருந்தால் சோதனையின் அடிப்படையான சார்பின்மையே போய்விடும். அப்போது முடிவின் வாசகத்தை எவ்வளவு மென்மையாக்கினாலும் பயனில்லை.

p-மதிப்பைப் படிக்கும் விதத்திலும் மிகைப்படுத்தல் புகுந்துகொள்ளும். 0.016 என்பதால் தொடர்பு இருக்க 98.4% வாய்ப்பு உண்டு என்று எழுதினால், அந்த வரியை அடித்துவிட வேண்டும். தொடர்பே இல்லாத நிலையில் இவ்வளவோ இதைவிட அதிகமோ விலகல் தற்செயலாக வருவதற்கான வாய்ப்பு 1.6% என்பதே அந்த எண்ணின் பொருள். அது தொடர்பின் வலிமையையும் சொல்வதில்லை. வலிமையைக் கேட்டால் கிராமரின் V-ஐக் கணக்கிடலாம்: √(8.286/250) = 0.18. இதை வலுவான தொடர்பு என்று சொல்ல முடியாது. 1% நிலையின் அட்டவணை மதிப்பு 9.210 என்பதால், மிக உறுதியான முடிவு என்ற அடைமொழிக்கும் இங்கே இடமில்லை.

எதிர்த்திசையிலும் இதே மிகைப்படுத்தல் நிகழும், அது குறைவாகவே கண்ணில் படுகிறது. இதே சதவீதங்கள் 100 பேரில் கிடைத்திருந்தால் χ² 3.31 ஆகவும் p 0.19 ஆகவும் இருந்திருக்கும். அப்போது இன்மைக் கருதுகோள் நிரூபணமானது, இரண்டுக்கும் தொடர்பில்லை என்று எழுதியிருப்பார்கள். வருகை விகிதங்களோ அப்படியே 66, 65, 46 என்றுதான் இருந்திருக்கும். எழுதத்தக்கது, இந்த அளவு மாதிரியில் தொடர்பைக் காட்டப் போதிய சான்று கிடைக்கவில்லை என்பது மட்டுமே.

நம் கணக்கின் முடிவுரையை நான் இப்படித் திருத்தி எழுதுவேன்: நினைவூட்டல் வகைக்கும் வருகைக்கும் தொடர்பில்லை என்ற கருதுகோள் 5% நிலையில் நிராகரிக்கப்படுகிறது (χ² = 8.29, df = 2, p = 0.016). விலகலின் பெரும்பகுதி கடிதம் பெற்றவர்களிடமிருந்து வருகிறது, அவர்களில் 45.7% பேர் வந்தனர், குறுஞ்செய்தியும் அழைப்பும் பெற்றவர்களில் 65-66% பேர் வந்தனர். தொடர்பின் வலிமை குறைவு (V = 0.18). நினைவூட்டல்கள் குலுக்கல்முறையில் பிரிக்கப்பட்டன என்று தெரியாதவரை, இந்த வேறுபாட்டுக்குக் கடிதமே காரணம் என்று கூற இயலாது.